குஷன் உறையில் பைப்பிங்: மூலை சுருங்காமல் திரும்புவதற்கு

கீழக்கரை, தையற்கடை நடத்துபவர்:
சென்ற மாதம் ஒரு வாடிக்கையாளர், வெளியூரில் தைத்து வாங்கிய 16 அங்குலக் குஷன் உறைகளை என்னிடம் கொண்டுவந்தார். பக்கங்களில், கயிற்றைச் சுற்றித் துணி மடித்துத் தைத்த பைப்பிங் நேராக இருந்தும், நான்கு மூலைகளிலும் துணி சுருங்கி, உறை உள்பக்கமாகக் கிண்ணம் போல வளைந்திருந்தது. ஒரு மூலையைப் பிரித்துப் பார்த்தபோது காரணம் தெளிவாகத் தெரிந்தது. பைப்பிங்கை மூலையில் இழுத்துப் பிடித்துத் தைத்திருந்ததுடன், அதன் தையல் விளிம்பில் ஒரு கத்தரி வெட்டுக்கூட இடவில்லை.

பைப்பிங்கை முன்பக்கத் துணியின் நல்ல பக்கத்தில் வைத்துத் தைக்கும்போது கயிறு நடுவை நோக்கியும், பிசிர் விளிம்பு வெளியே பார்த்தும் இருக்கும். மூலையில் திரும்பும்போது வெளியே உள்ள அந்த விளிம்புக்கு அதிக நீளம் தேவைப்படுவதால், வெட்டிவிட்டால்தான் அது விரிந்து கொடுக்கும். உறையைத் திருப்பிய பிறகு நிலைமை மாறி, கயிறு வெளிவிளிம்புக்கு வந்துவிடுகிறது. அப்போது கயிற்றுக்கே நீளம் தேவைப்படுகிறது. தைக்கும்போது இழுத்திருந்தால் அந்த நீளம் இருக்காது. உறையின் மூலை மடங்கத்தான் செய்யும். ஆகவே மூலைக்கு ஓர் அங்குலம் முன்பிருந்தே பைப்பிங்கைச் சற்றுத் தளர்வாக, விரலால் உள்ளே தள்ளிக் கொடுப்பது போலப் பிடித்துத் தைக்க வேண்டும்.

பாம்பன், படகு வைத்திருப்பவர்:
எங்கள் வீட்டுக் குஷன்களுக்கு என் மனைவி தைத்தபோது, வலைக்கு வாங்கி மிச்சமிருந்த நைலான் கயிற்றையே நான் கொடுத்தேன். பருத்திக் கயிறு துவைத்ததும் சுருங்கி, மேலே உள்ள துணியை வரிவரியாக இழுத்துவிடுகிறது என்று பலரும் சொல்கிறார்கள். நைலானில் அந்தத் தொல்லை இல்லை. உப்புக்காற்றில் ஈரம் பிடித்தாலும் விரைவில் உலர்ந்துவிடும். எனவே நம் கரையோரத்திற்கு நைலானே ஏற்றது என்பது என் அனுபவம்.

கீழக்கரை, தையற்கடை நடத்துபவர்:
அண்ணன் சொல்வதில், நைலான் சுருங்காது என்பது உண்மை. ஆனால் முறுக்கு இறுகிய வலைக்கயிறு விறைப்பாக இருப்பதால், மூலையில் திரும்பாமல் நிமிர்ந்து நிற்கப் பார்க்கும். தையலுக்குள் வழுக்கி உருளவும் செய்யும். பருத்திக் கயிற்றைச் சுடுநீரில் ஊறவைத்து, நன்றாக உலர்த்திய பிறகு பயன்படுத்தினால், பின்னால் சுருங்குவது பெரும்பாலும் நின்றுவிடும். நான் 4 மில்லிமீட்டர்ப் பருத்திக் கயிற்றை அப்படித்தான் பயன்படுத்துகிறேன்.

தொண்டி, இல்லத்தரசி:
லாத்தா, என் ரவிக்கைக் கழுத்தில் வைத்த பைப்பிங்கும் இப்படித்தான் உள்ளே மடங்கிக்கொள்கிறது. அதற்கும் மூலையில் வெட்டுவிட வேண்டுமா? கயிறு மெல்லிய நூல் அளவில்தான் இருக்கிறது.

கீழக்கரை, தையற்கடை நடத்துபவர்:
கழுத்து வளைவுக்கு மூலை கிடையாது தங்கச்சி. அங்கே வளைவு முழுவதும் சிறு வெட்டுகள் தேவைப்படும். கழுத்துத் துணியும் வளைவில் நீண்டுவிடாமல் பார்க்க வேண்டும். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். இங்கே சதுர மூலையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இராமநாதபுரம், வீட்டில் தைப்பவர்:
நான் பைப்பிங் துணியைச் சாய்த்துக் கிராஸாக வெட்டுவதில்லை. குஷனின் நான்கு பக்கங்களும் நேர்தானே என்பதால், மிச்சத் துணியை நேர்க்கோட்டில் கிழித்தே பைப்பிங் செய்கிறேன், துணியும் வீணாகாது. பக்கங்களில் எந்தக் குறையும் தெரியவில்லை. மூலையில் மட்டும் சிறிய மடிப்பு விழுகிறது. அதை இஸ்திரி போட்டுச் சமாளித்துவிடுகிறேன்.

கீழக்கரை, தையற்கடை நடத்துபவர்:
நேர் இழைத் துணி பக்கங்களுக்குப் போதும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் அந்த மடிப்பு, நேர் இழை நீண்டு கொடுக்காததால் வருவதுதான். இஸ்திரி போட்டாலும், பஞ்சை உள்ளே வைத்ததும் அது மறுபடி எழுந்து நிற்கும். 45 பாகையில் சாய்த்து வெட்டிய துணியே கயிற்றைச் சுற்றி மூலையில் வழுவழுப்பாகப் படியும். 16 அங்குல உறைக்குச் சுற்றளவு 64 அங்குலம். இணைப்புக்கும் சேர்த்து 70 அங்குலம் வேண்டும். 20 அங்குலச் சதுரத் துணியில் மூலைவிட்டத்தை ஒட்டி ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று துண்டுகள் வெட்டிச் சாய்வாக இணைத்தால் அந்த நீளம் கிடைக்கும். 4 மில்லிமீட்டர்க் கயிற்றைச் சுற்ற அரை அங்குலம், இரு விளிம்புக்கும் தலா அரை அங்குலம் என்பதே அந்த ஒன்றரை அங்குலத்தின் கணக்கு.

நான் பிரித்த அந்த உறையை மறுபடி தைத்த விதத்தையும் சொல்கிறேன். மூலையைக் கூராக விடாமல், தையல் கோட்டில் 10 ரூபாய் நாணயத்தை இரு பக்கங்களையும் தொடும்படி வைத்துப் பென்சிலால் வளைவு வரைந்துகொண்டேன். பைப்பிங் அந்த வளைவின் தொடக்கத்தை எட்டியதும், அதன் விளிம்பில் மூன்று வெட்டுகள் விட்டேன்: ஒன்று நடு மூலைக்கு நேராக, மற்ற இரண்டும் அதன் இருபுறமும். தையலுக்கு 2 மில்லிமீட்டர் முன்பே கத்தரியை நிறுத்திவிட வேண்டும். தையலை வெட்டிவிட்டால் கயிறு அங்கே வெளியே எட்டிப் பார்க்கும். பிறகு மெஷினை மிதிக்காமல், சக்கரத்தைக் கையால் உருட்டி, ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைத் துணிக்குள் நிறுத்திப் பாதத்தைத் தூக்கித் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். வளைவு சில தையல்களில் முடிந்துவிடும். ஜிப் தைக்கும் ஒற்றைப் பாதம் இல்லாமல் கயிற்றை ஒட்டித் தைப்பது கடினம்.

பின்பக்கத் துணியைச் சேர்க்கும்போது, முந்தைய தையல் கண்ணுக்குத் தெரியும் பக்கத்தை மேலே வைத்து, அதைவிட ஓர் இழை அளவு கயிற்றுக்கு நெருக்கமாகத் தைக்க வேண்டும். இந்த நெருக்கம் தவறினால், திருப்பியதும் பழைய தையல் பைப்பிங்கின் அடியில் வெளியே தெரிந்துவிடும். மூலைகளில்தான் இது முதலில் கண்ணில் படும்.

மண்டபம், விடுதிக்குத் தைப்பவர்:
எனக்கு மூலை சரியாகவே வருகிறது. பைப்பிங்கின் இரு முனைகளும் சேரும் இடம்தான் புடைத்துக்கொள்கிறது. கீழ்ப்பக்கத்திலேயே ஜிப்பும் இருப்பதால் அந்த இடம் தடித்துவிடுகிறது. இதற்கு என்ன செய்கிறீர்கள் லாத்தா?

கீழக்கரை, தையற்கடை நடத்துபவர்:
தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு அங்குலம் தைக்காமல் விட்டு, இரு கயிறுகளையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் முனையோடு முனை தொடும்படி வெட்டுகிறேன். கயிற்றுக்குப் பதிலாகத் துணிதான் ஒன்றையொன்று மூட வேண்டும். ஆகவே ஒரு துணி முனையை அரை அங்குலம் உள்ளே மடித்து, மற்றதை அதற்குள் நுழைத்துத் தைத்தால் புடைப்பு தெரியாது. ஜிப்பை நான் கீழ்ப்பக்கத்தில் வைப்பதே இல்லை; பின்துணியை இரண்டாக வெட்டி, கீழ் விளிம்புக்கு இரண்டு அங்குலம் மேலே வைக்கிறேன். இங்கே உலோக ஜிப் சீக்கிரம் துருப்பிடித்துத் துணியில் கறை ஏற்றுவதால், பிளாஸ்டிக் பல் ஜிப்பே போடுகிறேன்.

இராமநாதபுரம், வீட்டில் தைப்பவர்:
கட்டம் போட்ட துணியில் கிராஸ் வெட்டினால் கட்டங்கள் சாய்ந்துவிடுகின்றனவே. உறையின் கட்டத்தோடு பைப்பிங்கின் கட்டமும் பொருந்தி வர வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நேர்த்துணியைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. இதற்கு யாராவது வழி கண்டிருந்தால் எழுதுங்கள்.

கீழக்கரை, தையற்கடை நடத்துபவர்:
அப்படிக் கேட்பவர்களுக்கு நான் ஒற்றை நிறத் துணியில் பைப்பிங் வைத்துத் தரலாமா என்றுதான் கேட்பேன். கட்டமும் பொருந்தி மூலையும் வழுவழுப்பாக வந்த உறையை நான் இதுவரை கண்டதில்லை.