புதுப்பிப்பு: ஹால் டிக்கெட் வருமுன்னே இக்னோ தேர்வுக்கு விடுப்பு கிடைத்தது

நான் கேட்டது: "ஹால் டிக்கெட் காட்டினால்தான் விடுப்பு என்கிறார் மேலாளர். இக்னோவில் அது தேர்வுக்குச் சில நாள் முன்புதான் வரும். எப்படி முன்கூட்டியே கேட்பது?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பலன் தந்தது எச்ஆரில் இருக்கும் அக்கா சொன்ன வழிதான். தற்காலிகத் தேர்வு அட்டவணையில் யார் பெயரும் இருக்காது, அதனால் அதை மட்டும் கொடுத்தால் எடுபடாது. தேர்வுப் படிவத்தின் ஒப்புகைச் சீட்டில் என் பெயர், பதிவு எண், பாடக் குறியீடுகள் இருந்தன. இரண்டையும் சேர்த்து, என் தாள்களை அட்டவணையில் கோடிட்டு அனுப்பினேன். "தேதி மாறலாம், ஹால் டிக்கெட் வந்ததும் தருகிறேன்" என்ற வரியையும் அவர் சொன்னபடியே சேர்த்தேன். மேலாளர் ஒப்புக்கொண்டார்.

எதிர்பாராதது என்னவென்றால், இறுதி அட்டவணையில் ஒரு தாள் வேறு நாளுக்குப் போய்விட்டது, அந்த வரி இருந்ததால் புதுக் கடிதம் கேட்காமல் தேதியை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கும் தாளுக்கு அரை நாள் போதும் என்று நினைத்திருந்தேன், ஆனால் மையம் தூரம் என்பதால் முழு நாளே எடுத்தேன்.

படிப்பு விடுப்பு சட்டப்படியே உண்டு என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அது அரசு ஊழியர்களுக்கான விதி, அதுவும் அனுமதி பெற்றுத்தான். எங்களைப் போன்ற தனியாரில் நிறுவனக் கொள்கைதான். வேலை செய்யுமிடத்தில் தடையின்மைச் சான்று வாங்க வேண்டுமா என்று பதிலில் கேட்ட ஆசிரியரின் நிலை வேறு, எனக்கு அது தேவைப்படவில்லை.

இந்த நாட்களை ஈட்டிய விடுப்பில் கழிப்பார்களா, தனி விடுப்பாகக் கொள்வார்களா என்பது இன்னும் முடிவாகவில்லை.