காலையில் காய்ச்சிய பால் மாலையில் திரிகிறது: பால்காரர் பாலை நீங்கள் எவ்வளவு நேரம் கொதிக்க வைக்கிறீர்கள்?

மலைக்கோட்டை மீனா

திருச்சியில் இருக்கிறேன். மார்ச் மாதம் பாக்கெட் பாலை நிறுத்திவிட்டு, தெருவுக்கு வரும் பால்காரரிடம் தினமும் இரண்டு லிட்டர் பசும்பால் வாங்கத் தொடங்கினேன். காலை ஆறரைக்குத் தூக்கில் கொண்டுவந்து அளந்து ஊற்றுவார். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருப்பதால், பயந்துகொண்டு பதினைந்து நிமிடம் கொதிக்க விடுவேன். பால் சுண்டி இரண்டு லிட்டர் ஒன்றே முக்கால் ஆகிவிடும். அப்படியும் போன வாரம் மூன்று நாள், மாலைக் காப்பிக்குச் சூடாக்கியபோது பால் திரிந்துவிட்டது. பதினைந்து நிமிடம் போதவில்லையா? உங்கள் வீட்டில் எப்படிச் செய்கிறீர்கள்?

காரைக்குடி ஆச்சி

பதினைந்து நிமிடமா? அது பால்கோவா கிண்டுகிற கணக்கு, அம்மா. எங்கள் மாமியார் சொல்லிக்கொடுத்தது மூன்று பொங்கு. பொங்கி வரும்போது தீயைத் தணித்துக் கரண்டியால் கலக்கி, மறுபடியும் பொங்க விட வேண்டும். மூன்றாவது பொங்கோடு இறக்கிவிடலாம். ஐம்பது வருடமாக இதுதான், ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அடுப்பு மேடையிலேயே மூடிவைத்து, மதியச் சாப்பாடு ஆனபின் நன்றாக ஆறிய பிறகுதான் ஃபிரிட்ஜில் வைப்பேன். சூட்டோடு வைத்தால் ஃபிரிட்ஜ் கெட்டுவிடும்.

அம்பத்தூர் சேகர்

பாலைக் காய்ச்சவே வேண்டியதில்லை, சகோதரி. ஆலையிலேயே சூடாக்கிக் கிருமி நீக்கித்தான் பாக்கெட்டில் அடைக்கிறார்கள். நான் வெட்டி அப்படியே டம்ளரில் ஊற்றிக் குடிக்கிறேன்.

மலைக்கோட்டை மீனா

சேகர் அண்ணா, நான் பாக்கெட் பாலைப் பற்றிக் கேட்கவில்லை. மாட்டிலிருந்து நேரே தூக்குக்கு வரும் பால்.

சங்கத்துப் பால்மானி

நாமக்கல் பக்கம் ஒரு கிராமப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். பதில் சொல்லும் முன் மூன்று கேள்விகள், அம்மா. திரிந்த பாலை நாக்கில் வைத்துப் பார்த்தீர்களா, புளித்ததா? காய்ச்சிய பால் எத்தனை மணிக்கு ஃபிரிட்ஜுக்குப் போகிறது? காலையில் உங்கள் கைக்கு வரும் பால் எப்போது கறந்தது?

மலைக்கோட்டை மீனா

புளிக்கவில்லை, ஐயா. அதுதான் எனக்கும் வியப்பு. லேசான கசப்பு இருந்தது, அவ்வளவுதான். காய்ச்சி இறுக்கமாக மூடி மேடையில் வைத்துவிட்டு, குழந்தையைக் குளிப்பாட்டிச் சோறூட்டி முடிக்கப் பதினோரு மணி ஆகிவிடும். அப்போது தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். அதன்பிறகுதான் ஃபிரிட்ஜ். கறந்த நேரத்தைக் கேட்டதில்லை. விடியற்காலையில்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சங்கத்துப் பால்மானி

புளிக்காமல் திரிந்தது என்று சொன்னதில்தான் விடை இருக்கிறது.

பாலைப் புளிக்க வைக்கும் கிருமிகள் சூடு தாங்காதவை. காசநோய்க் கிருமி, மாட்டிலிருந்து வரும் புரூசெல்லா முதலிய நோய்க்கிருமிகளும் அப்படித்தான். பால் பண்ணைகளில் 72 டிகிரியில் 15 விநாடி, அல்லது 63 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தே அவற்றைக் கொன்றுவிடுகிறார்கள். அடுப்பில் கொதிக்கும் பால் 100 டிகிரியைத் தொடுகிறது. ஆகவே பால் முழுவதும் தளதளவென்று கொதித்தபின் ஒரு நிமிடம் போதும், மனத்திருப்திக்கு இரண்டு நிமிடம். மீதிப் பதின்மூன்று நிமிடமும் எரிவாயுவும் பாலும் வீண். பி வகைச் சத்துகளும் கொஞ்சம் குறையும்.

ஆனால் பொங்குவது வேறு, கொதிப்பது வேறு. மேலே ஆடை படிந்து நீராவியை அடைத்துக்கொள்வதால் பால் மேலேறி வருகிறது. பெரிய தீயில், கலக்காமல் வைத்த குறுகலான பாத்திரத்தில், மேலே நுரை ஏறும்போது பால் முழுவதும் ஒரே சூட்டில் இருக்கும் என்று சொல்ல முடியாது. முதல் பொங்கைக் கண்டதும் அணைத்துவிடுகிறவர்கள் அதில் ஏமாறுகிறார்கள். ஆச்சி சொல்லும் மூன்று பொங்கின் பயனே அந்தக் கலக்கலில்தான் இருக்கிறது. ஆடையை உடைத்து, அடிவரை கலக்கி, மறுபடி கொதிக்க விடுவதால் எல்லாப் பாலும் சூடேறுகிறது. அந்த அளவில் அவர் சொன்னது சரி.

மேடையில் மதியம் வரை வைப்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தொழுவத்து மண்ணிலிருந்தும் சாணத்திலிருந்தும் வரும் சில கிருமிகள் விதை போல உறங்கும் உருவம் எடுத்துக்கொள்ளும். கொதிநீரில் பதினைந்து நிமிடம் கிடந்தாலும் அவை சாவதில்லை. பால் மெல்ல ஆறி வெதுவெதுப்புக்கு வரும்போது முளைத்துப் பெருகுகின்றன. போட்டிக்கு இருந்த புளிப்புக் கிருமிகளை நாமே கொன்றுவிட்டோம் அல்லவா? இவை பாலைப் புளிக்க வைப்பதில்லை. புரதத்தை அரித்துக் கசக்க வைத்து, சூடு பட்டதும் திரிய வைக்கின்றன. உங்கள் வீட்டில் நடந்தது இதுவாகத்தான் இருக்கும். கொதித்தது போதாமல் அல்ல, ஆறியது தாமதமாகி.

மலைக்கோட்டை மீனா

அப்படியென்றால் சூட்டோடு ஃபிரிட்ஜில் வைத்துவிடலாமா?

சங்கத்துப் பால்மானி

வேண்டாம், மற்ற பொருள்களையும் சூடேற்றும். அகலத் தட்டிலோ தொட்டியிலோ குழாய்த் தண்ணீர் ஊற்றி, அதில் பால் பாத்திரத்தை இறக்குங்கள். தண்ணீர் பால் மட்டத்தின் முக்கால் உயரத்துக்கு இருக்கட்டும். மூடியைச் சற்றுத் திறந்து, மேலே வலை மூடி போடுங்கள். சுத்தமான கரண்டியால் அவ்வப்போது கலக்கி, பத்து நிமிடத்தில் தண்ணீரை ஒரு முறை மாற்றினால் அரை மணியில் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்துவிடும். பிறகு மூடி ஃபிரிட்ஜின் உள்தட்டில் வையுங்கள், கதவில் வேண்டாம். கதவு திறந்து மூடும் இடம், அங்கே குளிர் நிலையாக இருக்காது. கொதித்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் பால் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். 4, 5 டிகிரியில் இரண்டு நாள் தாங்கும்.

இன்னொன்று. கொதிக்க வைத்த பாலில் மிச்சமிருந்த நேற்றுப் பாலை ஊற்றாதீர்கள். குழந்தைக்குரியதைத் தனிச் சிறு பாத்திரத்தில் ஊற்றி வையுங்கள், ஒவ்வொரு முறையும் பெரிய பாத்திரத்தைத் திறக்க வேண்டாம்.

பரமக்குடி முத்து

நேரம் பற்றிப் பேசுகிறீர்கள், காய்ச்சாமலே குடித்த எங்கள் தகப்பனாரின் கதையைச் சொல்கிறேன். வீட்டில் ஆடு வளர்த்தோம். கறந்த சூட்டோடு ஒரு சொம்பு குடித்தால்தான் உடம்புக்குப் பலம் என்பார். ஒரு வருடம் காய்ச்சல் வந்து வந்து போனது. சாயங்காலம் ஏறும், இரவில் வேர்த்து வேட்டி நனையும், காலையில் இறங்கும். இடுப்பு வலியால் நிமிர முடியவில்லை. டைபாய்டு, மலேரியா என்று பார்த்து ஒன்றும் இல்லை. கடைசியில் ஒரு மருத்துவர் வீட்டில் ஆடு மாடு உண்டா என்று கேட்டு, இரத்தப் பரிசோதனையில் புரூசெல்லா என்று கண்டுபிடித்தார். ஆறு வாரம் இரண்டு மருந்துகளைச் சேர்த்துச் சாப்பிட்டார். ஒரு பொங்குக்குத் தப்பாத கிருமிக்கு அவர் ஒரு வருடம் கொடுத்தார். இப்போதும் கறந்த பால்தான் ருசி என்கிறார், கேட்டால் சண்டைக்கு வருகிறார்.

கோத்தகிரிக் குளிர்

மலையில் சீக்கிரமே கொதித்துவிடுமே, எங்களுக்கு அதிக நேரம் வேண்டாமா? ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளாகவே கொதிக்கும் என்று பள்ளியில் படித்த நினைவு.

சங்கத்துப் பால்மானி

93 கூட 72-ஐவிட மிக அதிகம்தானே, தம்பி. ஒரு நிமிடத்துக்குப் பதில் இரண்டு நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

பல்லடம் கவிதா

நான் பால் குக்கர் வைத்திருக்கிறேன், சுற்றிலும் தண்ணீர் ஊற்றி விசில் அடிக்குமே அது. பொங்கவே பொங்காது, அடிப்பிடிக்காது. விசில் கேட்டதும் அணைத்துவிடுவேன். சரிதானே?

ஈரோட்டு ராஜன்

விசில் அடிப்பது தண்ணீர் கொதித்ததற்கு. பால் கொதித்ததற்கு அல்ல. நான் ஒரு முறை வெப்பமானி விட்டுப் பார்த்தேன். விசில் தொடங்கும்போது பால் 80-ஐ ஒட்டி இருந்தது, குறைந்த தீயில் ஐந்து நிமிடம் விட்டபின்தான் 90-ஐத் தாண்டியது. அதனால் எங்கள் வீட்டில் விசிலுக்குப் பிறகு ஐந்து நிமிடம்.

சங்கத்துப் பால்மானி

80 டிகிரியே கிருமிக்குப் போதும் என்பேன். ஆனால் குக்கரை நிரம்ப ஊற்றினால் எவ்வளவு சூடேறும் என்று எனக்கு அனுபவம் இல்லை. நீங்கள் எவ்வளவு பால் வைத்து அளந்தீர்கள்?

ஈரோட்டு ராஜன்

முக்கால் லிட்டர். குக்கர் ஒன்றரை லிட்டர் பிடிக்கும். நிறைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

கயத்தாறு செல்வி

எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, இரவு ஒரு தடவை கொதிக்க வைப்போம். நடுவில் ஈரத்துணி சுற்றி மண்சட்டித் தண்ணீரில் வைப்போம். இரவில் மிஞ்சியதற்கு உறை ஊற்றிவிடுவோம். கெட்டதில்லை. இதில் ஏதும் தவறு உண்டா, ஐயா?

சங்கத்துப் பால்மானி

உங்கள் வீட்டு முறை புத்திசாலித்தனமானது. உறங்கி முளைத்த கிருமியை அடுத்த கொதியில் கொல்கிறீர்கள். இடைவெளி நான்கைந்து மணியைத் தாண்ட வேண்டாம். ஒன்று மட்டும்: நெடுநேரம் கிடந்து கிருமி பெருகிவிட்ட பாலில் சில வகைக் கிருமிகள் விட்ட நஞ்சு இருக்கும். கிருமி செத்தாலும் கொதியில் அந்த நஞ்சு போகாது. மறந்துபோய் மேடையிலேயே கிடந்த பாலைக் கொதிக்க வைத்து மீட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

காரைக்குடி ஆச்சி

தண்ணீர்த் தட்டு செய்துபார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆடை சரியாகப் படியவில்லை, வெண்ணெய்க்கு என்ன செய்வது?

சங்கத்துப் பால்மானி

ஃபிரிட்ஜுக்குள் போனபின் படியும், ஆச்சி. நாளைக் காலையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மலைக்கோட்டை மீனா

நான்கு நாளாகத் தண்ணீர்த் தட்டில் ஆற வைக்கிறேன், இரண்டு நிமிடம்தான் கொதிக்க விடுகிறேன். மூன்று நாள் திரியவில்லை. நேற்று மட்டும் அடுப்பில் வைத்து முதல் கொதி வரும்போதே திரிந்துவிட்டது, இந்த முறை புளிப்பு வாசனையோடு.

பால்காரரைப் பிடித்துக் கேட்டேன். முந்தின நாள் சாயங்காலம் கறந்ததும் காலையில் கறந்ததும் கலந்துதான் வருகிறதாம். சாயங்காலப் பாலைக் கிணற்றில் தொங்க விடுவாராம். நேற்று ஏதோ விசேஷத்துக்குப் போய் மறந்துவிட்டார்.

சங்கத்துப் பால்மானி

அது அவர் பக்கத்துத் தவறு. கொதியில் திரிந்ததே நல்லது, உங்களுக்குத் தெரிந்துவிட்டது. சிலர் திரியாமல் இருக்கச் சமையல் சோடா போடுவார்கள். புளிப்பு அடங்கிப் பால் கொதிக்கும், ஆனால் வாயில் சோப்பு போன்ற வழுவழுப்பும், காய்ச்சும்போது வழக்கத்தைவிடப் பழுப்பும் தெரியும். அப்படிப்பட்ட பாலை எத்தனை நிமிடம் கொதிக்க வைத்தும் பயனில்லை. காலைப் பாலைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

மலைக்கோட்டை மீனா

கேட்டுவிட்டேன், ஐயா. காலைப் பாலைத் தனித் தூக்கில் கொண்டுவருகிறாராம், லிட்டருக்கு நான்கு ரூபாய் கூடுதல். மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை.