தெரு வெயிலிலிருந்து தறிக்கூடம் வரை ஒரே ஷாட்: யோசனை தேவை

குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் ஒரு வீட்டில், மூன்று நிமிடக் காட்சியை வெட்டே இல்லாமல் எடுக்கப்போகிறோம். தெருவிலிருந்து வரும் மகன், திண்ணை தாண்டித் தறிக்கூடத்தில் அப்பாவின் முன் போய் நிற்க வேண்டும். கிம்பலில் கேமரா அவன் முதுகைத் தொடரும்.

முதலில் கேமரா இல்லாமல் வசனத்தோடு நடந்து பார்த்தோம், பிறகு செல்போனில் எடுத்துப் பார்த்தோம். சாக்பீஸ் கோடுகள் அகன்ற லென்ஸில் தெரிந்துவிடுவதால், நிற்கும் இடங்களுக்குத் தூணும் தறியின் காலும்தான் அடையாளம்.

சிக்கல் நிலைப்படியில். நம் ஊர் வெயிலைச் சொல்லவா வேண்டும்! தெருவுக்கு ஏற்ப வெளிச்சத்தை அமைத்தால் உள்ளே கும்மிருட்டு. உள்ளுக்கு அமைத்தால் தெரு வெளுத்துவிடுகிறது. தானியங்கியில் விட்டால் வெளிச்சம் ஏறி இறங்குவது அப்பட்டமாகத் தெரிகிறது. மகன் குனிந்து நுழையும்போது அவன் சட்டை திரையை நிறைக்கிறது. அந்த நொடியில் என்டி ஃபில்டரைத் திருப்பினால் மாற்றம் மறைந்துவிடும். ஆனால் கை பட்டதும் கிம்பல் ஆடுகிறது. அந்தியில் எடுத்தால் உள்ளும் புறமும் சமமாகும், ஆனால் ஓரிரு டேக்குக்குள் இருட்டிவிடும்.

வயர்லெஸ் மோட்டாரால் ஃபில்டரையோ ஐரிஸையோ திருப்பிய அனுபவம் யாருக்காவது உண்டா? அது வேலூர், ஆற்காடு பக்கம் வாடகைக்குக் கிடைக்குமா?