வருமான வரி ரீஃபண்ட் கேட்டோம், ‘Processed with no demand no refund’ என்று முடித்துவிட்டார்கள்: உங்கள் அனுபவம்?

சாயங்காலம்
எனக்கு 2023-24இல் சம்பள அரியர்ஸ் 2,10,000 ரூபாய் மொத்தமாக வந்தது. அலுவலகம் முழுத் தொகைக்கும் வரி பிடித்துவிட்டது. தெரிந்த ஒருவர் அரியர்ஸ் மொத்தமாக வந்ததால் கூடும் வரிக்கு 89ஆம் பிரிவில் நிவாரணம் போட்டு ரிட்டர்ன் தாக்கல் செய்து கொடுத்தார். ரீஃபண்ட் 21,840 வரவேண்டும். நேற்று போர்ட்டலில் பார்த்தால் மேலே சொன்ன அந்த ஒற்றை வரிதான். வரியும் கட்ட வேண்டாமாம், பணமும் கிடையாதாம். பிடித்த டிடிஎஸ் எல்லாம் வரித் துறையின் 26AS கணக்கில் சரியாகவே இருக்கிறது. அப்படியானால் என் பணம் எங்கே? புகார் கொடுக்கலாமா?

கணக்கன்
பழைய பாக்கி ஏதாவது இருக்கும், அதில் கழித்திருப்பார்கள். எனக்கு அப்படித்தான் ஆனது. ஏதோ ஒரு பழைய ஆண்டின் சின்ன டிமாண்ட், நான் மறந்தே போனது. பாக்கியில் கழிக்கப்போகிறோம் என்று 245ஆம் பிரிவில் மெயில் வந்தது, பதில் சொல்ல 21 நாள், நான் திறக்கவே இல்லை. எல்லாருக்கும் இதுதான் காரணம்.

வேப்பமரம்
எல்லாருக்கும் இல்லை, கணக்கன். 245 என்றால் ரீஃபண்ட் உண்டு என்று முதலில் ஒப்புக்கொண்டு, பிறகுதான் பாக்கியில் கழிப்பார்கள். இவருக்கு ரீஃபண்டே பூஜ்யம்.

சாயங்காலம், புகாருக்கு முன், ரிட்டர்னைச் சரிபார்த்துத் துறை அனுப்பிய 143(1) இன்டிமேஷனைத் திறங்கள். பாஸ்வேர்டு உங்கள் பான் சின்ன எழுத்தில், அதை ஒட்டிப் பிறந்த தேதி, இடைவெளி கூடாது. உள்ளே இரண்டு பத்தி இருக்கும். இடப்பக்கம் நீங்கள் சொன்னது, வலப்பக்கம் அவர்கள் போட்டது. கடைசி வரிக்குத் தாவாதீர்கள். மேலிருந்து இறங்கி வாருங்கள், முதலில் எந்த வரிசையில் இரண்டும் வேறுபடுகிறதோ அதுதான் காரணம். டிடிஎஸ் இருக்கும் வரிசை வேறுபட்டால் கதை வேறு. உங்களுக்கு 89 நிவாரணம் இருக்கும் வரிசையில் இடப்பக்கம் 21,840, வலப்பக்கம் 0 இருக்கும் என்று நினைக்கிறேன்.

தூறல்
எனக்கும் பூஜ்யம்தான் வந்தது. கேட்டது 80 ரூபாய்! நூறு ரூபாய்க்குக் கீழே இருந்தால் தரமாட்டார்களாம். அதை விடுங்கள், எல்லாரும் முதலில் வங்கிக் கணக்கை வேலிடேட் செய்யுங்கள். பெயர் பான் அட்டையில் இருக்கிற மாதிரியே இருக்க வேண்டும், இனிஷியல் உட்பட. வங்கிகள் இணைந்து ஐஎஃப்எஸ்சி மாறியிருந்தால் மறுபடி சேர்க்க வேண்டும். ஆதார் இணைக்காத பான் என்றால் ரீஃபண்டே வராது. என் மைத்துனருக்கு இதிலேயே பல மாதம் போனது. அதனால் சாயங்காலம் முதலில் வங்கிக்குப் போவது நல்லது.

வேப்பமரம்
தூறல், கணக்கு சரியில்லை என்றால் ரீஃபண்ட் கிளம்பிப் போய்த் திரும்பிவிடும். தொகை பூஜ்யமாகாது. அவரை வங்கிக்கு அலைய விடாதீர்கள்.

சாயங்காலம்
திறந்துவிட்டேன். நீங்கள் சொன்ன அதே வரிசை. வலப்பக்கம் அந்த 0, அதற்குக் கீழே சிவப்பு மை கூட இல்லை, சாதாரணமாக உட்கார்ந்திருக்கிறது. 89 நிவாரணத்துக்கான Form 10E படிவத்தை ஆன்லைனில் தாக்கல் செய்யவில்லை என்று காரணம் போட்டிருக்கிறது. அலுவலகத்தில் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேனே, அது செல்லாதா?

வேப்பமரம்
அது அலுவலகத்தின் கணக்குக்கு. துறை பார்ப்பது போர்ட்டலில் இருக்கிற 10E மட்டும். இப்போது போடுங்கள். அரியர்ஸ் எந்த ஆண்டுகளுக்கு உரியதோ அந்த ஆண்டைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள், பலர் விழுகிற பள்ளம் அதுதான். பணம் கைக்கு வந்தது 2023-24, ஆகவே மதிப்பீட்டு ஆண்டு 2024-25. அரியர்ஸுக்கு Annexure I. பழைய ஒவ்வொரு ஆண்டின் வரிக்குரிய வருமானமும் அந்த ஆண்டு ரிட்டர்னில் இருப்பதாக இருக்க வேண்டும், மனக்கணக்கு வேண்டாம். அரியர்ஸால் இந்த ஆண்டு கூடிய வரி 43,680, அந்தந்த ஆண்டில் வாங்கியிருந்தால் கூடியிருக்கும் வரி 21,840 என்றால், வித்தியாசம் நீங்கள் கேட்ட 21,840தான். ஒரு ரூபாய் மாறினாலும் ரிட்டர்னையும் மாற்ற வேண்டும்.

அதன்பின் Rectificationஇல் ‘Reprocess the return’.

மதில்பூனை
அங்கேதான் சந்தேகம். நான் அதே வழியில் போனேன், மறுபடியும் அதே பூஜ்யம். ரிட்டர்னுக்குப் பிறகு போட்ட 10Eயை ஏற்கவில்லை. என் நண்பருக்கு ஏற்றார்கள். என்ன வித்தியாசம் என்று இன்றுவரை புரியவில்லை.

வேப்பமரம்
ஏற்காத கதைகள் உண்டு, மறுக்கவில்லை. அதனால் 2024 டிசம்பர் 31க்குள் இருந்தால் நான் முதலில் 10E, அப்புறம் திருத்திய ரிட்டர்ன் என்பேன். இன்டிமேஷன் வந்துவிட்டது என்பதால் திருத்திய ரிட்டர்ன் போடக்கூடாது என்று இல்லை.

கணக்கன்
எப்படியும் பழைய பாக்கி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். Pending Actionsஇல் ‘Response to Outstanding Demand’.

சாயங்காலம்
பார்த்தேன், அங்கே ஒன்றும் இல்லை. 2021-22 ரிட்டர்ன் மட்டும் கையில் இல்லை, அதை இறக்கிக்கொண்டு 10E போடுகிறேன். டிசம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது. மதில்பூனை, உங்கள் 10Eயில் ஆண்டு எதைத் தேர்ந்தெடுத்தீர்கள்?