ஹேண்டோவர் குறிப்பை யார் எழுதணும்? போகிறவரா, வருகிறவரா?

டர்பன் தேவன்:
"வேலையை விட்டுப் போகிறவன் ஒழுங்காகக் குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டால் அவன் கடமை முடிந்தது. அதற்கு அப்புறம் போன் செய்து தொல்லை கொடுக்கும் முதலாளிகளுக்குத்தான் புத்தி வரணும்." போன வாரம் சம்பளக் கணக்கு இழையில் இப்படி எழுதினேன். சரோஜா அக்கா "அந்தக் குறிப்பே தப்பு" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விட்டார். என்ன தப்பு என்று இங்கே சொல்லட்டும். முப்பத்தெட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்தவன் நான்.

மெரீபேங்க் சரோஜா:
சொல்கிறேன் தம்பி. அதை நீங்கள் எழுதியதுதான் தப்பு. உங்கள் இடத்துக்கு வந்த பெண் எழுதியிருக்கணும், நீங்கள் படித்துத் திருத்தியிருக்கணும்.

ஏன் என்று கேட்டால், நம் தென்னாப்பிரிக்கச் சட்டப்படி ஒரு வருஷத்துக்கு மேல் வேலை செய்தவர் 4 வார நோட்டீஸ் கொடுக்கணும். மாதச் சம்பளம் 25ஆம் தேதி என்றால் அந்த 4 வாரத்தில் சம்பள ஓட்டம் ஒரே ஒரு தடவைதான் வரும். அந்த ஒரு தடவையும் போகிறவரே கீபோர்டில் உட்கார்ந்து, புதியவர் பக்கத்து நாற்காலியில் தலையாட்டிக்கொண்டு இருந்தால், புதியவர் முதல் முறை தனியாகச் செய்வது எப்போது? போகிறவர் போன பிறகு. தப்பு தெரியவருவதும் அப்போதுதான்.

டர்பன் தேவன்:
அருமை. தொழிற்சாலையில் 180 பேர் சம்பளத்தைப் புதுப் பெண் கையில் கொடுத்துவிட்டு நான் சும்மா உட்காரணுமா? 25ஆம் தேதி பணம் ஏறாவிட்டால் ஐசிபிங்கோ தொழிற்சாலை வாசலில் ஆட்கள் முன்னால் நிற்கப்போவது நீங்களா அக்கா? எழுதத் தெரிந்தவன் எழுதுவதுதான் முறை.

ஃபீனிக்ஸ் குமார்:
4 வாரம் எங்கே இருக்கிறது? மிச்ச லீவைக் கழித்தால் இரண்டு வாரம்தான் ஆள் கிடைப்பார். எங்கள் ஆபீஸில் அப்படித்தான். குறிப்பு சரியாக இல்லை என்றால் கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைக்கணும். அப்போது தானாக எழுதுவார்கள்.

மெரீபேங்க் சரோஜா:
குமார், நோட்டீஸ் 4 வாரம் என்று சட்டத்தில் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, நல்லது. ஆனால் அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டம் 20ஆம் பிரிவில், நோட்டீஸ் காலத்தில் ஆண்டு விடுப்பு எடுக்கச் சொல்லவும் கூடாது, அனுமதிக்கவும் கூடாது என்றுதான் இருக்கிறது. மிச்ச லீவுக்குப் பணமாகக் கொடுத்துத் தீர்க்கணும். உங்கள் ஆபீஸ் தன் கையாலேயே இரண்டு வாரத்தை வீணடிக்கிறது.

சம்பளத்தை நிறுத்துவதும் அப்படித்தான். 34ஆம் பிரிவு இருக்கிறது. ஊழியர் எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ, சட்டம், கூட்டு ஒப்பந்தம், கோர்ட் அல்லது நடுவர் உத்தரவு இருந்தாலோ தவிர பிடித்தம் செய்ய முடியாது. குறிப்பு பிடிக்கவில்லை என்பது காரணம் ஆகாது.

தேவன் தம்பிக்கு வருகிறேன். 25ஆம் தேதிதான் புதியவர் முதலில் கை வைக்கிறார் என்று யார் சொன்னது? முதல் வாரமே, முடிந்துபோன போன மாதக் கணக்கின் பேக்கப்பை ஒரு தனிப் பிரதியில் ஏற்றி, அதே நேர அட்டைகளை வைத்துப் புதியவரை மறுபடி ஓட்டச் சொல்லணும். சென்ட் வரை மொத்தம் ஒத்துப்போகணும். யாருக்கும் பணம் போகாது, வாசலில் யாரும் நிற்க மாட்டார்கள். போகிறவர் கை மவுஸில் படக்கூடாது. கேட்டால் மட்டும் பதில்.

நான் போய்ப் பார்த்த ஒரு ஆலையில் நடந்தது. குறிப்பில் "ஞாயிறு வேலை இரட்டைச் சம்பளம்" என்று ஒரே வரி. புதியவர் அப்படியே போட்டார். மொத்தச் சம்பளம் 1,920 ராண்ட் கூட வந்தது. தேடினால், பாய்லர் ஆட்கள் மூன்று பேர். அவர்களுக்கு ஞாயிறு வழக்கமான வேலை நாள், அதனால் இரட்டை இல்லை, ஒன்றரை மடங்கு. மணிக்கு 40 ராண்ட், ஒரு ஞாயிறுக்கு 8 மணி நேரம், மாதத்தில் நாலு ஞாயிறு. அரை மடங்கு வித்தியாசம் ஆளுக்கு 640. போகிறவர் பல வருஷமாகத் தானாகவே ஒன்றரை போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அது எழுத வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. அவரை இன்னும் ஐம்பது பக்கம் எழுதச் சொன்னாலும் அந்த வரி வந்திருக்காது. புதியவர் தடுக்கி விழுந்த இடத்தில்தான் அந்த வரி பிறந்தது. எழுதியதும் அவர்தான்.

டர்பன் தேவன்:
அந்த ஆள் எழுதத் தெரியாதவர், அவ்வளவுதான். என் முப்பத்தெட்டுப் பக்கத்தில் ஞாயிறு கணக்கு தனிப் பத்தி. ஒருத்தர் சோம்பேறித்தனத்தை வைத்து எல்லாரும் எழுதக்கூடாது என்று சட்டம் போடாதீர்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ராஜா:
எங்கள் கோயில் சங்கத்திலும் இதே பிரச்சினை. பொருளாளர் காவடி மாதத்தில் திடீரென்று விலகினார். வங்கியில் கையெழுத்து போட இருவர், ஒருவர் இவர். புதுப் பெயரைச் சேர்க்கக் கூட்டத் தீர்மானம், அடையாளக் காகிதம், எல்லாம் கேட்டார்கள். அதுவரை பூக்காரருக்கும் பந்தல்காரருக்கும் கையிலிருந்து கொடுத்தோம். நோட்டு ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார், முத்துமுத்தான கையெழுத்து. எனவே குறிப்பு யார் எழுதினாலும் ஒன்றுதான், சரோஜா அக்கா.

மெரீபேங்க் சரோஜா:
ராஜா அண்ணா, உங்களுக்கு நடந்தது வேறு. அது குறிப்பில் தீராது, அதிகாரம் மாற்றுவது. அதையும் சொல்லிவிடுகிறேன், இங்கே பலர் கோட்டை விடுவது அதில்தான்.

வரித்துறையின் eFiling தளத்துக்குள் நுழைய ஓடிபி யார் போனுக்குப் போகிறது என்று முதல் நாளே பார்க்கணும். பல சின்னக் கம்பெனிகளில் அது சம்பளக் கணக்கர் சொந்த எண். அவர் பக்கத்தில் இருக்கும்போதே மாற்றினால் சுலபம். போன பிறகு என்றால் அவர் தயவு வேண்டும். புதியவருக்குத் தனிப் பயனர் பெயர் திறந்து உரிமை கொடுக்கணும், பழையவர் பாஸ்வேர்டைத் துண்டுக் காகிதத்தில் வாங்கக்கூடாது. கம்பெனிக்காகப் பதிவு செய்த பிரதிநிதி பழையவராகவே இருந்தால் அதை மாற்றுவதற்கு வரித்துறையான சார்ஸுக்குக் காகிதங்கள் கொடுக்கணும், அதற்கும் நாள் ஆகும். ஆகவே அந்த வேலை முதல் வாரம். வங்கியில் பணம் அனுப்ப ஒப்புதல் தருபவர் பெயரும் அதே வாரம்.

ஃபீனிக்ஸ் குமார்:
34ஆம் பிரிவு பற்றி நான் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது.

மெரீபேங்க் சரோஜா:
எழுதியிருப்பதைப் போடுங்கள், பார்க்கலாம். குறிப்பிட்ட கடனுக்கு எழுத்து மூல ஒப்புதல் வேறு, "நிர்வாகம் விரும்பினால் நிறுத்தலாம்" என்ற பொதுவரி வேறு.

டர்பன் தேவன்:
பேச்சை மாற்ற வேண்டாம். என் கேள்விக்குப் பதில் வரவில்லை. போகிறவன் எழுதினால் என்ன குறை?

மெரீபேங்க் சரோஜா:
இன்னொன்று சொல்கிறேன், அப்போதாவது புரியுமா பார்க்கலாம். இன்னொரு கம்பெனியில் போகிறவர் எழுதிய குறிப்பு, அழகான குறிப்பு. ஊழியர்களிடம் பிடித்த வரியை மாதா மாதம் கட்டும் படிவம் பற்றி அதில் ஒரே வரி: "EMP201 ஒவ்வொரு மாதமும் 7ஆம் தேதிக்குள்." 2025 ஜூன் 7 சனிக்கிழமை. சனி, ஞாயிறு, விடுமுறை வந்தால் அதற்கு முந்திய வேலை நாளுக்குள் கட்டணும், அதாவது 6 வெள்ளி. பழையவர் எப்போதும் 5ஆம் தேதியே கட்டிவிடுவார், அதனால் அவருக்கு வாரக் கடைசி ஒரு பிரச்சினையாக வந்ததே இல்லை. புதியவர் திங்கட்கிழமை கட்டினார். தாமதமான தொகைக்கு 10 சதவீத அபராதம், அதற்கு மேல் வட்டி.

புதியவர் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "7 சனிக்கிழமை வந்தால்?" என்று காலண்டரைப் பார்த்துக் கேட்டிருப்பார். தெரியாதவருக்குத்தான் அந்தக் கேள்வி வரும்.

டர்பன் தேவன்:
வரும் என்று நீங்கள் சொல்கிறீர்கள். என் இடத்துக்கு வந்த பெண்ணிடம் பேனாவைக் கொடுத்திருந்தால் மூன்று வரி எழுதியிருப்பார். தெரியாதவருக்கு எதைக் கேட்பது என்றே தெரியாது.

வெருலம் மாலதி:
தேவன் அண்ணா, அந்தப் "பெண்" நான்தான். முப்பத்தெட்டுப் பக்கமும் வாங்கினேன், நன்றி. அதில் எந்தப் பட்டனை அழுத்தணும் என்று படத்தோடு இருந்தது. ஒருவருக்கு மட்டும் ஜீவனாம்ச கோர்ட் உத்தரவுப் பணம் இரண்டு தவணையாகப் போகிறது, ஏன் என்று இல்லை. ஒரு மாதத்துக்குப் பிறகு நான் உங்களுக்குப் போன் செய்தது அதற்குத்தான். நீங்கள் எடுக்கவில்லை.

டர்பன் தேவன்:
போய்விட்ட பிறகு போன் எடுக்க எனக்குச் சம்பளம் கொடுத்தார்களா? கோர்ட் காகிதம் பச்சை ஃபைலில் இருந்தது. குறிப்பின் இருபத்தேழாம் பக்கத்தில் ஃபைல் பெயர் இருக்கிறது.

வெருலம் மாலதி:
ஃபைல் பெயர் இருந்தது. அந்த ஃபைலில் காரணம் இல்லை. கோர்ட் உத்தரவில் ஒரே தவணைதான். இரண்டாகப் பிரித்தது நீங்களும் அந்த ஊழியரும் பேசிக்கொண்டது.

மெரீபேங்க் சரோஜா:
இதுதான் நான் சொல்வது! பட்டன்களை எழுதுகிறார்கள். பட்டனை புதியவர் அரை நாளில் கண்டுபிடிப்பார். விதிக்கு மாறாக நடப்பவை, அவை எதனால் அப்படி, யாரோடு பேசி ஒத்துக்கொண்டது, எப்போது முடியும், இதெல்லாம்தான் வேண்டும். போன மாதத்தை மாலதி மறுபடி ஓட்டியிருந்தால் அந்த ஊழியரின் வரியில் வித்தியாசம் வந்திருக்கும், தேவன் தம்பி எதிரில் இருக்கும்போதே காரணம் கேட்டு எழுதியிருப்பார்.

டர்பன் தேவன்:
ஓட்டியிருந்தால், வந்திருந்தால், கேட்டிருந்தால். எனக்குக் கிடைத்த 4 வாரத்தில் மூன்று வாரம் ஆளே எடுக்கவில்லை அக்கா. மாலதி வந்து சேர்ந்தது எனக்குக் கடைசி ஐந்து நாள் இருக்கும்போது, சம்பளம் ஏறி முடிந்த பிறகு. வராத ஆள் எப்படி எழுதுவார்? அந்த மூன்று வாரம் நான் எழுதாமல் யார் எழுதுவது?

மெரீபேங்க் சரோஜா:
ஆள் வராவிட்டால் ஆபீஸில் இருக்கும் யாரையாவது உட்கார வைக்கணும். கிரெடிட்டர்ஸ் பார்க்கும் ஆள் போதும். அவர் ஓட்டட்டும், அவர் எழுதட்டும். அந்த ஐந்து நாளிலும் ஒரு நாளை ஒதுக்கினால் போன மாதத்தை ஒரு தடவை ஓட்டியிருக்கலாம்.

டர்பன் தேவன்:
கிரெடிட்டர்ஸ் பார்க்கும் ஆளுக்கு எல்லாருடைய சம்பளமும் தெரியலாமா? மேனேஜர் ஒத்துக்கொள்வாரா? நீங்கள் வேலை செய்த இடங்களில் வேண்டுமானால் நடக்கும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ராஜா:
ரகசியம் முக்கியம்தான். எங்கள் சங்கத்தில் நன்கொடைப் பட்டியலை வேறு ஆள் பார்த்துவிட்டு ஊரெல்லாம் சொன்னார்.

ஃபீனிக்ஸ் குமார்:
ஒப்பந்தம் வீட்டில் இருக்கிறது, இரவு எழுதுகிறேன். 34ஆம் பிரிவை நானும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

மெரீபேங்க் சரோஜா:
ரகசியம் என்றால் மேனேஜரே உட்காரட்டும் தேவன். அவர் கையெழுத்து போடும் பணம்தானே? போகிறவர் கீபோர்டில் உட்காரக் கூடாது, இதில் நான் மாறப்போவதில்லை.

டர்பன் தேவன்:
நானும் மாறப்போவதில்லை. மாலதி, இரண்டு தவணைக்குக் காரணம்: அந்த ஊழியருக்கு மாத நடுவில் முன்பணம் கொடுக்கிறோம், ஜீவனாம்சத்தில் பாதியை அதிலிருந்து பிடிப்போம், மீதிப் பாதி மாதக் கடைசியில். எழுத்தில் எதுவும் வாங்கவில்லை. நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெருலம் மாலதி:
அந்த ஊழியரும் போன மாதம் வேலையை விட்டுவிட்டார் அண்ணா.