மூளைச் சிரை அடைப்பு: ஹெப்பாரினுக்குப் பிறகு எந்த மாத்திரை?

நரம்பியல் பார்ப்பவர்களிடம் ஒரு யோசனை வேண்டும். நோயாளி 27 வயதுப் பெண். வேறு நோய் இல்லை. நான்கு மாதமாக ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுத்தவர். ஆறு நாள் தலைவலி, படுத்தால் கூடியது. ஏழாம் நாள் வலிப்பு. சாதாரண சி.டி.யில் நெற்றி மடலில் சிறு ரத்தக்கசிவு மட்டும் தெரிந்தது. எம்.ஆர். வெனோகிராமில்தான் உச்சந்தலைக்கு அடியில் ஓடும் பெரிய சிரைக்குழாய் அடைபட்டிருந்தது புலப்பட்டது.

எடை 60 கிலோ என்பதால் எனாக்ஸாபாரின் 60 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. கசிவு இருக்கும்போது ரத்தத்தை இளக்குவதா என்று வீட்டார் பதறினார்கள், நியாயம்தான். ஆனால் வடிகால் அடைத்து, அழுத்தம் ஏறி வந்த கசிவு இது. உறைவு மேலும் பரவாமல் இருந்தால்தான் அழுத்தம் இறங்கும். கருத்தடை மாத்திரையை நிறுத்தியாயிற்று. லெவெடிராசிட்டம் போகிறது.

இனி வார்ஃபரினா, டபிகாட்ரானா? டபிகாட்ரானுக்கு ஐ.என்.ஆர். தொல்லை இல்லை. ஆனால் ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய் இருந்தால் வார்ஃபரினே மேல். கார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் சோதனைகள் இரண்டும் நெகட்டிவ். லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் சோதனையை மட்டும் ஹெப்பாரினுக்கு முன் எடுக்கவில்லை. இப்போது எடுத்தால் முடிவை மருந்தே குழப்பக்கூடும், டபிகாட்ரானும் அப்படியே. நீங்களாக இருந்தால் டபிகாட்ரான் தொடங்கிவிடுவீர்களா, அல்லது அந்தச் சோதனை தெளியும்வரை வார்ஃபரினா?