குளியலறை பிளேட்டில் திரும்பவும் கறுப்புப் புள்ளி

கல்லடி ஒழுங்கை அயலவர் குழு

சனிக்கிழமை

வசந்தி: எங்கள் குளியலறைக்கு மேலே உள்ள கொங்கிரீட் பிளேட்டுக்கு மாரி மழைக்கு முன்னர்தான் பெயின்ட் அடித்தோம். இரண்டு மாதம் கழிவதற்குள், மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் திரும்பவும் வந்துவிட்டன. எந்தப் பெயின்ட் வாங்கினால் இது நிற்கும்?

ரமேஷ்: ஒயில் பெயின்ட் அடியுங்கள், அக்கா. அதற்குள் தண்ணீர் போகவே போகாது.

யோகநாதன்: தம்பி சொல்வது பாதி சரி. ஒயில் பெயின்ட்டுக்குள் தண்ணீர் போகாதுதான். ஆனால் பிளேட்டுக்குள் ஏற்கெனவே ஈரம் இருந்தால், அது வெளியேற வழியின்றிப் பெயின்ட்டைக் கொப்புளமாகத் தள்ளி, பிறகு தோலாக உரித்துவிடும். வசந்தி, அடிப்பதற்கு முன்னர் பழைய பூஞ்சணத்தை என்ன செய்தார்கள்?

வசந்தி: காய்ந்த துணியால் துடைத்துவிட்டு மேலே அடித்தார்கள்.

யோகநாதன்: அங்கேதான் பிழை. துடைத்தால் நிறம் மட்டும் போகும், வேர் இருக்கும். பெயின்ட் வாங்குவதற்கு முன்னர் ஒரு சோதனை செய்யுங்கள்: ஒரு முழ அளவு தடித்த பொலித்தீனைப் பிளேட்டில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். கீழ்ப்பக்கம் நனைந்தால் அது குளிக்கும் நீராவி. பிளேட்டை ஒட்டிய உட்பக்கம் நனைந்தால் பிளேட்டே ஈரம்.

பரமேஸ்வரி மாமி: எங்கள் மதிலில் வெள்ளையாகப் பூக்கிறதே, அதற்கும் இந்தப் பெயின்ட்தானா?

யோகநாதன்: அது உப்பு, மாமி. தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். நிலத்திலிருந்து ஏறும் ஈரத்தை எந்தப் பூஞ்சணப் பெயின்ட்டும் நிறுத்தாது.

ஞாயிற்றுக்கிழமை

வசந்தி: நடுவில் ஒட்டியது கீழ்ப்பக்கம் மட்டுமே நனைந்தது. தண்ணீர்த் தாங்கி இருக்கும் மூலையில் உட்பக்கமும் வியர்த்திருக்கிறது.

யோகநாதன்: அப்படியானால் தாங்கிக் குழாயை மேசன் பார்க்கும்வரை அந்த மூலையைத் தொடவேண்டாம். மற்ற இடத்தில் உரிந்ததைச் சுரண்டிவிட்டு, ஒரு பங்கு குளோரின் திரவத்துக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து பூசி, கால் மணித்தியாலம் விட்டுக் கழுவுங்கள். தலைக்கு மேலே வேலை, ஆகவே கண்ணாடி போடுங்கள். கதவையும் திறந்து வையுங்கள். மலசலகூடம் கழுவும் அசிட்டோடு அதைச் சேர்த்துவிடாதீர்கள், நச்சுவாயு கிளம்பும். பிறகு இரண்டு மூன்று நாள் மின்விசிறி போட்டுக் காயவிட்டு, பள்ளங்களை வெள்ளைச் சீமெந்துப் புட்டியால் நிரப்புங்கள். சாதாரண உட்சுவர்ப் புட்டி ஈரத்தில் ஊறிப் பொருமிவிடும். புட்டி காய்ந்ததும் பிரைமர் ஒரு கை, அதன்மேல் பூஞ்சண எதிர்ப்பு என்று தகரத்தில் போட்டிருக்கும் அக்ரிலிக் பெயின்ட் இரண்டு கை. மினுக்கமே இல்லாத மட் வேண்டாம். சற்று மினுங்குவதை வாங்கினால் துடைக்கலாம்.

ரமேஷ்: அப்போது இனிமேல் பூஞ்சணம் வரவே வராதா, அண்ணன்?

யோகநாதன்: பெயின்ட்டில் இருக்கும் பூஞ்சண மருந்து நாளடைவில் குறைந்துகொண்டே போகும். நீராவி வெளியேற வழி இல்லாவிட்டால் சில வருடத்தில் புள்ளி திரும்பவும் எட்டிப் பார்க்கும். வெளியே காற்றைத் தள்ளும் சின்ன மின்விசிறி ஒன்று பூட்டுவது நல்லது.

வசந்தி: அவர் யன்னலுக்கு மேலே ஓட்டைக்கல் வைத்தால் போதும் என்கிறார்.

யோகநாதன்: மாரியில் வெளிக்காற்றே ஈரமாக இருக்குமே, அது போதுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். தாங்கிக் குழாயை மேசன் பார்த்துவிட்டாரா?

வசந்தி: செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார். அதுவரை பெயின்ட் வாங்கவில்லை.